இருப்பு அறுபடும் இடம்

ஆடிட்டர் அலுவலகங்களுக்கு வரும் பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் பேங்கிலிருந்து நேராக வருவதில்லை. பாதிக்கு மேல் கைமாறி வருபவை. கடைக்காரர் கிளையில் அச்சடித்து வாங்கியதை மகன் செல்போனில் படமெடுத்து அனுப்புவான். அல்லது ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாகக் கட்டித் தருவார்கள். அப்படி வரும் தாள்களில் ஒரு பக்கம் விட்டுப்போனாலோ, முன்பின்னாக மாறியிருந்தாலோ, அதை முதலில் காட்டிக்கொடுப்பது கடைசிப் பத்தியில் ஓடும் இருப்புத் தொகைதான். முந்தைய வரியின் இருப்பிலிருந்து இந்த வரியின் பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வரவேண்டும். ஸ்டேட்மென்ட் முழுக்க ஒவ்வொரு வரிக்கும் இது பொருந்தும். பொருந்தாத வரி வந்தால் அங்கே ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது.

அறுந்த இடத்தைக் கண்டதும் பலர் செய்வது ஒரே காரியம். வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் ஒற்றைப் பதிவாகப் போட்டு, கீழே உள்ள இருப்போடு ஒட்டவைத்துவிட்டு மேலே போவது. டாலியில் பேங்க் இருப்பு சரியாக வந்துவிடும், வேலை முடிந்ததுபோலத் தோன்றும். இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த ஒற்றைத் தொகை ஒரு முழுப் பக்கத்து வரவுக்கும் பற்றுக்கும் இடையிலான நிகர வித்தியாசம் மட்டுமே. அதற்குப் பின்னால் இருபது முப்பது பரிவர்த்தனைகள் இருக்கும், அதில் விற்பனைப் பணமும் இருக்கும், வாங்கின சரக்குக்குக் கொடுத்ததும் இருக்கும். இருப்பு அறுபட்டிருப்பது நமக்குக் கிடைத்த தடயம். அதைப் படிக்கத் தெரிந்தால் எந்தப் பக்கம் இல்லை, எந்தத் தேதிகளுக்கு இடையில் இல்லை, அதில் எவ்வளவு வரவும் பற்றும் இருந்தன என்பதுவரை பக்கத்தைப் பார்க்காமலே சொல்லிவிட முடியும்.

முதல் கேள்வி, அறுந்தது பக்கத்தின் நடுவிலா, இரண்டு பக்கங்கள் சேரும் இடத்திலா என்பது. இதைப் பார்க்காமல் பக்கம் தேடப் போனால் நாள் வீணாகும். எக்ஸெலில் தேதி A, விவரம் B, பற்று C, வரவு D, இருப்பு E என்று பத்திகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், மூன்றாம் வரிசையில் F பத்தியில் இதைப் போட்டுக் கடைசிவரை இழுத்துவிடலாம்:

```
=ROUND(E3-(E2-C3+D3),2)
```

எல்லா வரியிலும் பூஜ்யம் வரவேண்டும். பைசாக்களைக் கணினி தசமத்தில் துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை என்பதால் ROUND அவசியம். அது இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மிச்சம் நின்று, சரியான வரிகளும் தவறுபோலக் காட்டும். அச்சான இருப்பை அடுத்தடுத்த வரிகளுக்கிடையே ஒப்பிடுவதுதான் இந்தச் சூத்திரத்தின் பலம். சிலர் ஆரம்ப இருப்பிலிருந்து தாமாகவே கூட்டிக் கழித்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒப்பிடுவார்கள். அப்படிச் செய்தால் மேலே நடந்த ஒரு தவறு கீழே உள்ள எல்லா வரியையும் கெடுக்கும், தவறு தொடங்கிய இடம் கூட்டத்தில் மறைந்துபோகும்.

பூஜ்யம் வராத வரி பக்கத்தின் நடுவில் இருந்தால், பெரும்பாலும் அது எழுதினவர் கையிலோ, படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய மென்பொருளிலோ நேர்ந்த பிழை. அதன் வடிவமே அதைச் சொல்லும். ஒரு வரியில் மட்டும் வித்தியாசம் வந்து அடுத்த வரி சரியாக இருந்தால், அந்த வரியின் பற்றோ வரவோ தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் நடுவே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே தொகை ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் வந்தால், தவறு இருப்புப் பத்தியில். 45,600 என்பதை 54,600 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 9,000 வரும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பற்றில் போகவேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையின் இரு மடங்கு. இவற்றை முதலில் திருத்தி, நடுப்பக்கத்தில் எல்லாம் பூஜ்யம் என்று ஆன பிறகே பக்கங்களின் பிரச்சினைக்கு வரவேண்டும்.

இப்போது மிச்சம் நிற்பவை பக்கம் சேரும் இடங்களில் உள்ள வித்தியாசங்கள் மட்டும். இனி ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டே எண்கள் போதும். ஒன்று அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தபோது இருந்த இருப்பு, இன்னொன்று வெளியேறும்போது இருந்த இருப்பு. வெளியேறும் இருப்பு கடைசி வரியில் அப்படியே இருக்கும். நுழையும் இருப்பைச் சில பேங்குகள் பக்கத்தின் தலையில் B/F என்று அச்சிடுகின்றன, பல பேங்குகள் அச்சிடுவதில்லை. அப்போது முதல் வரியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடவேண்டும். முதல் வரியில் 29-01-2024 அன்று நெஃப்ட் வரவு 62,000, இருப்பு 1,58,415 என்றிருந்தால், அந்த வரவுக்கு முன் இருந்தது 96,415. அதுவே அந்தப் பக்கத்தின் நுழைவிருப்பு. முதல் வரியின் இருப்பையே நுழைவிருப்பாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. அப்படி எடுத்தால் எந்தப் பக்கமும் எதோடும் சேராது.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு நூல் வியாபாரியின் நடப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஸ்டேட்மென்ட், செல்போன் படங்களாக ஐந்து பக்கம் வந்திருக்கிறது. பக்க எண் அச்சாகும் அடிப்பகுதி எல்லாப் படத்திலும் வெட்டுப்பட்டுவிட்டது. வந்த வரிசையில் முதல் பக்கம் 1,84,250-இல் நுழைந்து 2,41,730-இல் முடிகிறது. இரண்டாவதாக வந்தது 96,415-இல் நுழைந்து 3,12,060-இல் முடிகிறது. மூன்றாவது 2,41,730-இல் நுழைந்து 96,415-இல் முடிகிறது. நான்காவது 1,58,900-இல் நுழைந்து 2,07,345-இல் முடிகிறது. ஐந்தாவது 2,07,345-இல் நுழைந்து 1,33,820-இல் முடிகிறது, அதன் அடியில் மொத்தச் சுருக்கமும் இருக்கிறது.

பக்கங்கள் சேரும் நான்கு இடங்களில் கடைசி இடம் மட்டும் சரியாக இருக்கிறது, மற்ற மூன்றும் அறுந்திருக்கின்றன. அடுத்த பக்கத்தின் நுழைவிருப்பிலிருந்து முந்தைய பக்கத்தின் முடிவிருப்பைக் கழித்தால் முதல் இடத்தில் –1,45,315, இரண்டாம் இடத்தில் –70,330, மூன்றாம் இடத்தில் +62,485. மூன்று இடத்தில் அறுந்திருப்பதால் மூன்று பக்கம் காணோம் என்று நினைப்பது இயல்பு. அவசரப்படாமல் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். –1,53,160 வருகிறது.

இந்தக் கூட்டுத்தொகைக்கு ஒரு பொருள் உண்டு. பக்கங்கள் எல்லாம் இருந்து, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தத்தம் இடத்தில் நின்று, நடுவில் உள்ளவை மட்டும் கலைந்திருந்தால், எத்தனை இடத்தில் அறுந்திருந்தாலும் வித்தியாசங்களின் கூட்டல் பூஜ்யமாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் தாண்டிக் குதித்ததை வேறோர் இடத்தில் திரும்பி வந்தாகவேண்டும் அல்லவா? ஆரம்ப இருப்பில் எல்லாப் பக்கங்களின் நிகர மாற்றத்தையும் கூட்டினால் கடைசி இருப்பு வரும், பக்கங்களை எந்த வரிசையில் கூட்டினாலும் கூட்டல் மாறாது. ஆகவே கூட்டல் பூஜ்யமானால் பக்கங்கள் கலைந்திருக்கின்றன, நிகரத்தை மாற்றும்படி எதுவும் தொலையவில்லை. பூஜ்யமாகாவிட்டால், வராத பக்கத்தின் நிகர மாற்றம் அதுவே. நம் கணக்கில் காணாமல் போன பக்கம் இருப்பை 1,53,160 குறைத்திருக்கிறது. ஒரே பக்கம் இரண்டு முறை ஸ்கேன் ஆகியிருந்தாலும் கூட்டல் பூஜ்யமாகாது. அப்போது வரும் தொகை, இரட்டித்த பக்கத்தின் நிகர மாற்றத்துக்குக் குறி மாறிய வடிவமாக இருக்கும். கையிலுள்ள பக்கங்களின் நிகர மாற்றங்களோடு அதை ஒப்பிட்டால் உடனே பிடிபட்டுவிடும்.

அடுத்து வரிசைப்படுத்துவது. எந்தப் பக்கத்தின் முடிவிருப்பு எந்தப் பக்கத்தின் நுழைவிருப்பாக இருக்கிறது என்று தேடவேண்டும், ரயில் பெட்டிகளின் கொக்கிகளை மாட்டுவதுபோல. 2,41,730-இல் முடிந்த முதல் பக்கம், மூன்றாவதாக வந்ததோடு சேர்கிறது. அது 96,415-இல் முடிந்து, இரண்டாவதாக வந்ததோடு சேர்கிறது. அது 3,12,060-இல் முடிகிறது, அந்தத் தொகையில் நுழையும் பக்கம் நம் கையில் இல்லை. மறுபுறம் 1,58,900-இல் நுழையும் பக்கத்துக்கு அதே தொகையில் முடியும் பக்கம் இல்லை. மூன்று அறுப்புகளும் ஒன்றாகிவிட்டன. வராத பக்கம் 3,12,060-இல் நுழைந்து 1,58,900-இல் முடிந்திருக்கவேண்டும். கூட்டலில் வந்த –1,53,160-ம் இதோடு ஒத்துப்போகிறது. தேதிகளைப் பார்த்தால் இடைவெளிக்கு முந்தைய பக்கம் 14-02-2024 அன்று முடிகிறது, பிந்தைய பக்கம் 04-03-2024 அன்று தொடங்குகிறது. வராத பக்கம் இந்த இரண்டு நாட்களையும் உள்ளடக்கியதாகவே இருக்கலாம். 14-ஆம் தேதியின் சில வரிகள் நம்மிடம் இருக்கலாம், மீதி அந்தப் பக்கத்தில் இருக்கலாம்.

தேதியை வைத்தே வரிசைப்படுத்திவிடலாமே என்று கேட்கலாம். நூல் வியாபாரிக்கு அது ஓரளவு செல்லும். மளிகைக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ செல்லாது. யு.பி.ஐ. வந்த பிறகு ஒரு நாளிலேயே நூறு வரவு விழும் கடைகள் இருக்கின்றன. ஒரே தேதி மூன்று நான்கு பக்கத்துக்கு நீளும்போது அவற்றை வரிசைப்படுத்தத் தேதியால் முடியாது, இருப்பால்தான் முடியும். தேதியை வைத்து எக்ஸெலில் வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினாலும் ஒரே நாளுக்குள் பேங்க் தந்த வரிசை திரும்பாது. கலைந்து வந்தது ஒரு நாளின் பக்கங்கள் என்றால் அவை கலைந்தபடியே நிற்கும். வேறு பத்தியில் வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டுத் தேதிக்குத் திரும்பியிருந்தால், வரிசையாக வந்தவையும் கலைந்துபோகும். அதனால் ஸ்டேட்மென்ட்டை எக்ஸெலுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக ஒரு பத்தியில் வந்த வரிசை எண்ணைப் போட்டுவைப்பது நல்லது, பக்கத்தின் எண்ணையும் சேர்த்து. எந்தக் குழப்பத்திலிருந்தும் மூலத்துக்குத் திரும்ப அதுவே வழி.

பக்கங்கள் கலைவதற்கென்று சில வாடிக்கையான காரணங்கள் உண்டு. தெரிந்திருந்தால் வரிசையைப் பார்த்ததும் காரணம் புரியும். இருபுறமும் அச்சான தாள்களை ஒருபுறம் மட்டும் படிக்கும் ஸ்கேனரில் கொடுத்து, பிறகு கட்டைத் திருப்பிப் போட்டால் 1, 3, 5 வந்து அடுத்து 6, 4, 2 என்று வரும். படங்களுக்கு page1, page2 என்று பெயர் வைத்துக் கோப்பாகச் சேர்க்கும்போது, சில மென்பொருள்கள் பெயரை எழுத்தாகவே வரிசைப்படுத்தும். அப்போது ஒன்றுக்கு அடுத்துப் பத்து வரும், பத்தொன்பதுக்குப் பிறகே இரண்டு வரும். 01, 02 என்று பெயரிட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தாள் தானாக உள்ளே இழுக்கப்படும் ஸ்கேனர்களில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போவதுண்டு. இருபுற அச்சாக இருந்தால் அப்போது அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் சேர்ந்தே காணாமல் போகும். ஆக, ஓரிடத்தில் அறுந்திருந்தால் ஒரு பக்கம்தான் போயிருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. எத்தனை வரிகள் போயின என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரம் கடைசிப் பக்கத்துச் சுருக்கம். எல்லா பேங்கும் தருவதில்லை. தருகிறவை ஆரம்ப இருப்பு, மொத்தப் பற்று, மொத்த வரவு, பற்று வரிகளின் எண்ணிக்கை, வரவு வரிகளின் எண்ணிக்கை, முடிவிருப்பு ஆகியவற்றை அச்சிடும். நம் வியாபாரியின் சுருக்கத்தில் மொத்தப் பற்று 18,96,540, மொத்த வரவு 18,46,110, பற்று வரிகள் 97, வரவு வரிகள் 61 என்றிருக்கின்றன. கையிலுள்ள ஐந்து பக்கங்களைக் கூட்டினால் பற்று 15,07,120, வரவு 16,09,850, வரிகள் முறையே 80, 50. கழித்துப் பார்த்தால் வராத பக்கத்தில் 17 வரிகளில் 3,89,420 பற்றும், 11 வரிகளில் 2,36,260 வரவும் இருந்திருக்கின்றன. இரண்டின் வித்தியாசம் அதே 1,53,160. மொத்தம் 28 வரிகள். மற்றப் பக்கங்களிலும் ஏறத்தாழ அத்தனை வரிகளே இருப்பதால், போனது ஒரே பக்கம் என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம்.

அனாமத்தில் ஒற்றைப் பதிவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இங்கே கண்கூடு. 2,36,260 ரூபாய் வரவு புத்தகத்திலேயே ஏறியிருக்காது. பேங்கில் விழுந்து புத்தகத்தில் இல்லாத பணத்துக்கு விளக்கம் தரமுடியாவிட்டால், இந்தக் காலகட்டத்துக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 69ஏ பிரிவு வந்து நிற்கும். அப்படிப்பட்ட வருமானத்துக்கு 115பிபிஇ பிரிவின்படி வரி 60 சதவீதம், மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவீதம். அந்த வரவுகள் முறையான விற்பனையின் பணமாகவே இருக்கலாம், பில்லும் இருக்கலாம். ஆனால் பில்லுக்கு எதிரே பணம் வந்த பதிவு இல்லாததால் அந்த வாடிக்கையாளர் இன்னும் பாக்கி வைத்திருப்பதாகப் புத்தகம் சொல்லும். இன்னொரு பக்கம், கொடுத்த 17 தொகைகளில் சிலவற்றுக்கு டி.டி.எஸ். பிடித்திருக்கவேண்டும், சில கடன் தவணையாக இருக்கும். ஒற்றைத் தொகைக்குள் இது எதுவும் தெரியாது.

இருப்பின் சங்கிலி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. முதல் பக்கமோ கடைசிப் பக்கமோ வராவிட்டால் எந்த இடத்திலும் அறுபடாது, ஏனென்றால் அவை இரண்டு பக்கங்களுக்கு நடுவே இல்லை. அதைப் பிடிக்க, தலைப்பில் அச்சான காலத்தை முதல் வரி, கடைசி வரியின் தேதிகளோடு ஒப்பிடவேண்டும். முந்தைய ஸ்டேட்மென்ட்டின் முடிவிருப்பு இதன் ஆரம்ப இருப்பா என்றும், அடுத்ததன் ஆரம்ப இருப்பு இதன் முடிவிருப்பா என்றும் பார்க்கவேண்டும். இரண்டாவது வகை, வராத பக்கத்தின் நிகர மாற்றம் பூஜ்யமாக இருப்பது. அரிதுதான். ஆனால் தினமும் மாலையில் உபரிப் பணம் டெபாசிட்டுக்கு மாறி, குறிப்பிட்ட இருப்பு மட்டும் மிஞ்சும்படி ஏற்பாடு செய்த கணக்குகளில் இது சாதாரணமாக நடக்கும். பல பக்கங்கள் ஒரே இருப்பில் நுழைந்து ஒரே இருப்பில் முடியலாம். அங்கே நடுவில் ஒரு பக்கத்தை உருவிவிட்டாலும் இருப்பு முனகாது. தேதியில் விழும் இடைவெளியும், செக் எண்களின் தொடர்ச்சியும், சுருக்கத்திலுள்ள வரி எண்ணிக்கையும்தான் அப்போது துணை.

அறுபடாமலே அறுந்ததுபோலத் தோன்றும் கணக்குகளும் உண்டு. ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் கணக்குகளில் இருப்புக்குப் பக்கத்தில் Dr, Cr என்று எழுதியிருக்கும். 12,400 Cr இருந்த கணக்கில் 21,000-க்கு ஒரு செக் பாஸானால் அடுத்த வரி 8,600 Dr என்று காட்டும். எக்ஸெலுக்கு வரும்போது அந்த இரண்டெழுத்து உதிர்ந்துபோனால் 12,400-க்கு அடுத்து 8,600 என்று நின்று, கணக்கு 17,200 உதைக்கும். Dr இருப்புகளைக் கழித்தல் குறியோடு எழுதினால் சரியாகிவிடும். நெட் பேங்கிங்கில் இறக்கும் சில ஸ்டேட்மென்ட்டுகள் புதியது மேலே, பழையது கீழே என்று வரும். அவற்றில் ஏறக்குறைய எல்லா வரியும் தவறு காட்டும். எங்கோ ஓரிடத்தில் தவறு வந்தால் பக்கத்தைச் சந்தேகிக்கலாம், எல்லா இடத்திலும் வந்தால் திசையைச் சந்தேகிக்கவேண்டும். அப்போது சூத்திரத்தையும் திருப்பி இரண்டாம் வரிசையில் போடவேண்டும்:

```
=ROUND(E2-(E3-C2+D2),2)
```

பேங்குகள் இணைந்த ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், அதே ஆண்டு நவம்பர் 27 அன்று லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடும் இணைந்தன. இப்படிப்பட்ட இணைப்பைத் தாண்டிச் செல்லும் காலத்துக்குக் கணக்குக் கேட்கும்போது, பழைய கணினியின் ஸ்டேட்மென்ட் ஒன்றும் புதியதன் ஸ்டேட்மென்ட் ஒன்றுமாகக் கையில் வரலாம். இரண்டும் சேரும் இடத்தில் இருப்பு ஒத்துப்போகிறதா என்பதைப் பக்கங்கள் சேரும் இடத்தைப் பார்ப்பதுபோலவே பார்க்கவேண்டும்.

இனி பக்கத்தை வரவழைப்பது. கிளைக்குப் போய் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டையும் மறுபடி கேட்கத் தேவையில்லை. நம் கணக்கில் 13-02-2024 முதல் 05-03-2024 வரை கேட்டால் போதும், இருபுறமும் ஒரு நாள் கூடுதலாக. புதிதாக அச்சடிக்கும்போது பக்கங்கள் பழைய இடத்தில் முறியாது. அதனால் பழையதோடு இணைக்க, இரண்டிலும் பொதுவான சில வரிகள் வேண்டும். வந்ததும் 3,12,060 இருப்புள்ள வரியைத் தேடிப் பிடித்து அதற்கு அடுத்த வரியிலிருந்து, 1,58,900 இருப்புள்ள வரி வரை எண்ணிப் பார்க்கவேண்டும். 28 வரிகள், பற்று 3,89,420, வரவு 2,36,260. மூன்றும் பொருந்தினால் பக்கம் கிடைத்துவிட்டது. இருப்பு மட்டும் பொருந்தி எண்ணிக்கை பொருந்தாவிட்டால், கையிலுள்ள பக்கங்களில் வேறெங்கோ ஒரு வரி விட்டிருக்கிறதா, இரட்டித்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவேண்டும்.

வழக்குக்கோ வரித்துறை விசாரணைக்கோ போகும் தாள் என்றால் வெறும் அச்சுத்தாள் போதாது, சான்றிட்ட நகல் வேண்டும். 1891-ஆம் ஆண்டு வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டம் அந்த நகல் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கிறது. பேங்கின் வழக்கமான புத்தகத்தில், வழக்கமான அலுவலின் போக்கில் எழுதப்பட்ட பதிவின் உண்மை நகல் இது, அந்தப் புத்தகம் இன்னும் பேங்கின் பொறுப்பில் இருக்கிறது என்று நகலின் அடியில் எழுதி, தலைமைக் கணக்கரோ மேலாளரோ பெயரும் பதவியும் குறித்துத் தேதியிட்டுக் கையெழுத்திடவேண்டும். கணினியிலிருந்து எடுத்த அச்சுக்கு, அந்தக் கணினி அமைப்பின் பொறுப்பாளரும் தனியே சான்று தரவேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியே சேர்ந்த 2ஏ பிரிவு. கிளையில் முத்திரை குத்திக் கொடுத்ததையே சான்றிட்ட நகல் என்று நினைத்து வாங்கி வருபவர்கள் அதிகம். வாங்கும்போதே இந்த வாசகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இரண்டாம் முறை அலையவேண்டாம். காலமும் கடத்தக்கூடாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்படி பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவுகளைப் பேங்க் வைத்திருக்கவேண்டும். அதற்கும் பழையதைக் கேட்கப்போனால் கிடைப்பதற்கு உறுதியில்லை.

பக்கம் வரும்வரை வேலையை நிறுத்திவைக்க முடியாத நிலை வரும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் காத்திருக்காது. அப்போது செக் புத்தகத்தின் அடிக்கட்டைகள், பணம் கட்டிய சீட்டுகள், செல்போனுக்கு வந்த குறுஞ்செய்திகள், வரி கட்டிய சலான்கள், வாடிக்கையாளர் சொல்லும் யு.டி.ஆர். எண்கள் இவற்றை வைத்து வராத பக்கத்தை ஓரளவு எழுதிக்கொள்ளலாம். குறுஞ்செய்திகளில் பெரும்பாலும் இருப்பும் இருப்பதால் அவற்றைச் சங்கிலியில் எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும். நம் 28 வரிகளில் 22-ஐ இப்படித் தேடி எடுத்தால்கூட, மிச்சம் ஆறுக்கும் நடுவே எவ்வளவு வரவு, எவ்வளவு பற்று என்று தெரிந்தே இருக்கும். அந்த ஆறை மட்டும், வரவைத் தனியாகவும் பற்றைத் தனியாகவும், அனாமத்தில் இரண்டு பதிவுகளாக வைக்கலாம். நிகரமாக ஒன்றில் வைக்கக் கூடாது.

பக்கம் தொலைந்ததா, தொலைக்கப்பட்டதா என்ற கேள்வியையும் கேட்டாகவேண்டும், குறிப்பாகக் கடன் விண்ணப்பங்களில். தவணை திரும்பிப்போனதும், செக் பணமில்லாமல் திரும்பியதும், வேறொரு நிறுவனத்துக்குத் தவணை போவதும் உள்ள பக்கத்தை உருவிவிட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆளைப் பார்த்து முடிவு செய்வது தப்பு. ஜெராக்ஸ் கடையில் தவறியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் அறுந்த இடத்தின் தேதிகளைக் குறித்துக் கேட்டதும், அந்தப் பக்கத்தை மட்டும் தராமல் வேறு வடிவத்தில் புதிய ஸ்டேட்மென்ட் வந்தால், அதை வரிவரியாகப் பழையதோடு ஒப்பிடவேண்டும். பொதுவான வரிகளில் ஓர் எண் வேறுபட்டாலும் இரண்டில் ஒன்று பேங்க் தந்தது இல்லை.

இப்போது கடன் கொடுப்பவர்கள் பலர் கணக்குத் திரட்டி வழியே தகவலை வாங்குகிறார்கள். இதற்கான ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் 2016-இல் வந்தது, 2021 செப்டம்பரில் பெரிய பேங்குகளோடு நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்தால் பேங்கிலிருந்து கடன் கொடுப்பவருக்குத் தகவல் நேராகப் போகும், நடுவில் தாளும் இல்லை, பக்கமும் இல்லை. அங்கேயும் கேட்ட காலம் முழுதும் வந்திருக்கிறதா என்பதை முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஆனால் பழைய ஆண்டுகளின் விசாரணை, பாகப்பிரிவினை வழக்கு, இறந்தவரின் கணக்கு, மூடிய கடையின் கணக்கு என்று வருபவையெல்லாம் இன்னும் தாளாகத்தான் வருகின்றன.

சில சமயம் பேங்காலும் அந்தப் பக்கத்தைத் தரமுடியாமல் போகும். அப்போது வேலைக் கோப்பில் எழுதிவைக்கவேண்டியது இதுதான்: எந்தத் தேதியின் எந்த இருப்புக்குப் பின் அறுந்தது, எந்தத் தேதியின் எந்த இருப்பில் மீண்டும் தொடர்ந்தது, நடுவே நிகர மாற்றம் எவ்வளவு, சுருக்கம் இருந்தால் வரவும் பற்றும் தனித்தனியே எவ்வளவு, அதில் வேறு ஆதாரத்தால் எத்தனை வரி நிரப்பப்பட்டன, பேங்குக்கு எந்தத் தேதியில் கேட்டு எழுதப்பட்டது, என்ன பதில் வந்தது. பேங்கின் பதில் கடிதத்தை அந்தத் தாளோடு சேர்த்துக் கோத்துவைக்கவேண்டும்.